கொச்சியில் மாலைப் படகு: எந்தப் படகு, எந்த நேரம், எந்தப் பக்கம்

"டிசம்பர் 27 அன்று கொச்சியில் எங்களுக்கு ஒரே ஒரு மாலைதான் கிடைக்கிறது. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மூட்டுவலி உள்ள அப்பா, அம்மா. மரைன் டிரைவில் சூரிய அஸ்தமனப் படகுச் சவாரி கொடுக்கும் காசுக்குத் தகுமா? கூட்டம் எப்படி? அப்பா அம்மாவுக்கு வசதிப்படுமா?"

நான் கோயம்புத்தூர்க்காரன். பதினோரு வருடமாக எர்ணாகுளத்தில் இருக்கிறேன். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களைப் படகில் ஏற்றி இறக்குவது எங்கள் வீட்டில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் குடும்பத்துக்கு மரைன் டிரைவின் ஒரு மணி நேரத் தனியார் படகு வேண்டாம். அதே தண்ணீரில், அதே சூரியனை, கால் வலி இல்லாமல், ஆறு பேருக்கும் சேர்த்து நானூறு ரூபாய்க்குள் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதைக் கடைசியில் மணிக்கணக்கோடு எழுதியிருக்கிறேன். ஆனால் ஏன் என்று தெரிந்தால்தான் அன்றைக்கு அங்கே நின்று நீங்களே முடிவெடுக்க முடியும்.

கொச்சியில் சூரியன் கடலில் மறைகிறது. மரைன் டிரைவ் கடற்கரை அல்ல, அது காயலின் கிழக்குக் கரை. அங்கிருந்து மேற்கே பார்த்தால் போல்காட்டி, வல்லார்பாடம், வைப்பின் என்று தீவுகள்தான் வரிசையாக நிற்கும். கடல் கண்ணில் படவேண்டுமென்றால் வைப்பினுக்கும் கோட்டைக் கொச்சிக்கும் நடுவே உள்ள முகத்துவாரம் வரை போக வேண்டும். கப்பல்கள் உள்ளே வருவதும் அந்த ஒரே வாயில் வழியாகத்தான். மரைன் டிரைவிலிருந்து அது ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். சுற்றுலாப் படகுகள் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். ஆக, போக 25 நிமிடம், வர 25 நிமிடம். ஒரு மணி நேரச் சவாரியில் முகத்துவாரத்தில் நிற்கக் கிடைப்பது பத்தே நிமிடம்.

அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். மற்ற ஐம்பது நிமிடமும் வல்லார்பாடம் கண்டெய்னர் முனையத்தின் பாரந்தூக்கிகளையும் வெலிங்டன் தீவையும் பார்த்துக்கொண்டு போய் வருவது. அதுவும் நல்ல காட்சிதான். வெலிங்டன் தீவே 1930களில் துறைமுகத்துக்காகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ தோண்டி எடுத்த மண்ணில் உருவானது என்று தெரிந்து பார்த்தால் பிள்ளைகளும் ஆசையாகக் கேட்பார்கள். ஆனால் அதை மதியம் மூன்று மணிக்கும் பார்க்கலாம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், விடுமுறை நாட்களில் கரையில் வரிசை நீளும்போது சவாரியின் நேரம் சுருங்கும். 60 நிமிடம் என்று சொன்னது 45 ஆகும். 45 நிமிடத்தில் முகத்துவாரம் போய்த் திரும்ப முடியாது, கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். படகு பாதியிலேயே திரும்பிவிடும். சூரியன் ஏதோ ஒரு தீவின் தென்னை மரங்களுக்குப் பின்னால் போய்விடும். என் அத்தை குடும்பத்தை ஒரு பொங்கல் விடுமுறையில் இப்படித்தான் கூட்டிப்போய் ஏமாந்தேன். படகு திரும்பியபோது சூரியன் இன்னும் இரண்டு கைப்பிடி உயரத்தில் நின்றது. "அவ்வளவுதானா மாப்ளே?" என்று அத்தை கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து டிக்கெட் வாங்குமுன் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறேன்: "அழிமுகம் வரை போகுமா, எத்தனை மணிக்கு அங்கே இருக்கும்?" முகத்துவாரத்துக்கு மலையாளத்தில் அழிமுகம் என்று பெயர். இதற்கு மணியைச் சொல்லாமல் "எல்லாம் காணிக்கும் சாரே" என்று மட்டும் பதில் வந்தால் நகர்ந்துவிடுங்கள்.

இப்போது நேரம். டிசம்பர் 27 அன்று கொச்சியில் சூரியன் மறைவது சுமார் 6.12க்கு. மார்ச் கடைசியில் என்றால் 6.36, ஜூனில் 6.47. பலரும் கூகுளில் இந்த நேரத்தைப் பார்த்துவிட்டு ஐந்தரைப் படகில் ஏறுகிறார்கள். ஐந்தரைக்குக் கிளம்பிய படகு 5.55க்கு முகத்துவாரத்தில் இருக்கும், 6.05க்குத் திரும்பிவிடும். அஸ்தமனத்துக்கு ஏழு நிமிடம் முன்பே முதுகைக் காட்டிவிடுகிறது. 5.45க்குக் கிளம்பும் படகுதான் உங்களுக்குச் சரி. 6.10க்கு அங்கே இருக்கும். "ஐந்தரைக்கு எடுப்போம்" என்று சொல்லிவிட்டு ஆள் சேரும் வரை 5.50 வரை நிறுத்தி வைப்பதும் நடக்கும். சில நாள் அந்தத் தாமதமே நமக்கு நல்லதாகிவிடும். ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது.

இன்னொன்று, டிசம்பர், ஜனவரியில் கடல்மேல் புகைமூட்டம் மாதிரி ஒரு மங்கல் இருக்கும். சூரியன் அடிவானத்தைத் தொடுவதற்கு முன்பே, சிவப்புத் தட்டாக நிற்கும்போதே, அதில் கரைந்து போகும். ஆகவே 6.12 என்றால் 6.02 முதலே கண்ணை எடுக்காதீர்கள். மறைந்ததும் எல்லோரும் செல்போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிடுவார்கள். வானத்தின் நல்ல நிறம் அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிடத்தில்தான் வரும். நம் பக்கத்தில் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும், இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டிவிடும். திரும்பும் வழியில் பின்னால் திரும்பிப் பார்த்தபடி வருவதுதான் கெட்டிக்காரத்தனம்.

எந்தப் பக்கம் உட்காருவது என்பதும் இந்த மாதத்தைப் பொறுத்தது. சூரியன் வருடம் முழுக்க நேர் மேற்கில் மறைவதில்லை. மார்ச், செப்டம்பர் கடைசியில்தான் நேர் மேற்கு. டிசம்பர் கடைசியில் மேற்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை தெற்கே தள்ளி மறையும். கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் சுமார் பத்துப் பாகை. அப்படியானால் மேற்கிலிருந்து இடப்பக்கம் இரண்டரை முஷ்டி. முகத்துவாரத்துக்குள் நிற்கும் படகிலிருந்து பார்த்தால் அது திறந்த கடல் அல்ல, கோட்டைக் கொச்சிக் கரை. அங்கே இருக்கும் சீன வலைகளின் மரக்கால்களுக்கும் மழைமரங்களுக்கும் பின்னால் சூரியன் இறங்கும். என்னைக் கேட்டால் வெறும் கடலில் விழுவதைவிட இதுதான் அழகு. படத்திலும் இதுதான் நிற்கும். ஆனால் சூரியன் கடலைத் தொடுவதைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் டிசம்பரில் படகைவிடக் கோட்டைக் கொச்சிக் கடற்கரை நடைபாதைதான் சரியான இடம்.

படகில் போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். போகும்போது இடப்பக்கத்தில் இடம் பிடித்து அங்கேயே உட்கார்ந்திருந்தால் திரும்பும்போது வல்லார்பாடத்து விளக்குகள்தான் தெரியும். படகில் இருக்கும் அத்தனை பேருக்கும் இதே ஆசை இருக்கும் என்பதால்தான் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகப் பேச வேண்டியிருக்கிறது.

கூட்டம் என்றால் பலரும் இடநெருக்கடி, சத்தம் என்றே நினைக்கிறோம். படகில் கூட்டம் என்பது எடை. அந்த எடை எந்த உயரத்தில், எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே கேள்வி. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்கப் பலர் ஒரே பக்கம் நகர்ந்தபோது படகு சாய்ந்தது. 2023 மே 7 அன்று மலப்புறம் தானூரில் மாலைச் சவாரி போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். மீன்பிடிப் படகை மாற்றிச் செய்தது அது. அளவுக்கு மேல் ஆள் ஏற்றிக்கொண்டு, இருட்டும் நேரத்தில் போனது. இதை உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. தேக்கடியில் அது நடந்தது நாம் ஆசைப்படும் அதே காரியத்தைச் செய்யும்போதுதான்: மேல்தளத்தில் ஏறி, காட்சி இருக்கும் பக்கம் நகர்வது.

கரையிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியவை சில இருக்கின்றன. படகின் பதிவு எண்ணும், எத்தனை பேர் ஏறலாம் என்பதும் வெளியே தெரியும்படி எழுதியிருக்க வேண்டும். இரண்டு தளம் என்றால் மேல்தளத்துக்குத் தனி எண்ணிக்கை உண்டா என்று பாருங்கள். ஏறுபவர்களை ஒருவர் நின்று எண்ணுகிறாரா? உயிர்காக்கும் சட்டையைக் கையில் கொடுத்து மாட்டச் சொல்கிறார்களா, அல்லது கூரைக்கம்பியில் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்களா? பிள்ளைகளுக்கான சின்ன அளவுச் சட்டை இருக்கிறதா? பெரியவர்களின் சட்டையில் எட்டு வயதுப் பிள்ளை தண்ணீரில் நழுவிவிடும். ஏறியபின் படகு கட்டியிருக்கும்போதே ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், அல்லது மேல்தளத்தில் ஆட்கள் நகரும்போது மெதுவாகச் சாய்ந்து, திரும்ப நிமிர நேரம் எடுத்தால், இறங்கிவிடுங்கள். காசு போனால் போகட்டும். நான் ஒருமுறை அப்படி இறங்கியிருக்கிறேன். என் மனைவிக்கு அன்று வருத்தம்தான். எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

டிசம்பர் கடைசி வாரம் கொச்சிக்கு ஆண்டிலேயே அதிகக் கூட்டம் வரும் வாரம். பள்ளி விடுமுறை ஒரு பக்கம், கோட்டைக் கொச்சியில் கொச்சின் கார்னிவல் ஒரு பக்கம், சபரிமலைக்குப் போய்விட்டுத் திரும்பும் நம் ஊர் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் மரைன் டிரைவில் ஒரு பக்கம். தனியார் படகுகளில் இந்த வாரம் பாட்டு உச்சத்தில் இருக்கும். மேல்தளத்தில் ஆட்டமும் இருக்கும். கல்லூரிப் பிள்ளைகளாக வந்தால் அதுவே கொண்டாட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் அப்பா அம்மாவுக்கு ஒரு மணி நேரம் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது பெரும்பாடு. கழிப்பறையும் அந்தச் சின்னப் படகுகளில் எதிர்பார்க்க முடியாது.

மூட்டுவலிக்கு இன்னும் பெரிய விஷயம் ஏறுவதும் இறங்குவதும். கரை அசையாது, தண்ணீர் ஏறி இறங்கும். கொச்சியில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கு உட்பட்டதுதான் என்றாலும், தண்ணீர் வற்றியிருக்கும்போது கரையிலிருந்து படகின் விளிம்புக்கு ஒரு முழு எட்டு கீழே வைக்க வேண்டியிருக்கும். அதுவும் ஆடும் படகில், ஒரு பலகையில், பின்னால் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது. போகும்போது எளிதாக இருந்த படி, ஒரு மணி நேரத்தில் மாறியும் இருக்கலாம். மேல்தளத்துக்கு ஏறும் இரும்பு ஏணி செங்குத்தாக இருக்கும். கீழ்த்தளத்தில் உட்கார்ந்தால் முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும். வயதானவர்களோடு போகும்போது தனியார் படகை நான் தவிர்ப்பதற்கு முதல் காரணம் இந்த ஏணிதான்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாலையில் கடலிலிருந்து கரைக்குக் காற்று வீசும். போகும்போது முகத்தில் அடிக்கும், நன்றாக இருக்கும். திரும்பும்போது அதே காற்று படகின் பின்னாலிருந்து, ஏறக்குறையப் படகின் வேகத்திலேயே வரும். அதனால் டீசல் புகை பின்னால் போகாமல் படகோடு கூடவே வரும். பின்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தலைவலி வருவது இதனால்தான், தண்ணீரால் அல்ல.

சரி, இனி வேறு படகுகள். கேரள அரசின் கப்பல், நீர்வழிப் போக்குவரத்து நிறுவனமான கே.எஸ்.ஐ.என்.சி. நடத்தும் நெஃபர்டிடி என்ற கப்பல் 2018 முதல் ஓடுகிறது. நாற்பத்தெட்டரை மீட்டர் நீளம், 200 பேர் போகலாம், முகத்துவாரம் தாண்டித் திறந்த கடலுக்கே போகும். குளிர்சாதன அறை, கழிப்பறை, சாப்பாடு, மேடை நிகழ்ச்சி எல்லாம் உண்டு. வசதி என்று மட்டும் பார்த்தால் கொச்சியில் இதுதான் முதல். டிசம்பரில் கடலும் அமைதியாக இருக்கும். ஆனால் சவாரி நான்கு மணி நேர அளவுக்கு நீளும். கட்டணமும் தனியார் படகைப் போலப் பல மடங்கு. அந்தக் காசில் நல்ல பங்கு சாப்பாட்டுக்கும் நிகழ்ச்சிக்கும் போகிறது. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், கப்பல் என்றே ஒரு சந்தோஷம். ஆறு பேருக்கு அந்தத் தொகை உங்களுக்குப் பாரமில்லை என்றால், முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். எந்தத் துறையிலிருந்து கிளம்புகிறது என்பதை டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே எந்த நிகழ்ச்சி நடந்தாலும் சூரியன் மறைவதற்கு இருபது நிமிடம் முன்னால் மேல்தளத்துக்கு வந்துவிடுங்கள். அதே நிறுவனத்தின் சாகர ராணி இதற்கும் தனியார் படகுக்கும் நடுவில் வரும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுவதால் முகத்துவாரத்தில் நேரம் கிடைக்கும்.

இப்போது நான் உங்களுக்குச் சொல்ல வந்த வழி. 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவின் மின்படகுகள் கொச்சிக் கப்பல்கட்டும் தளத்தில் செய்தவை. நூறு பேருக்கு மேல் ஏற்றமாட்டார்கள். எண்ணிக்கை நிறைந்ததும் கதவை மூடிவிடுவார்கள். அதன் மேடை தண்ணீரில் மிதக்கிறது. தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் மேடையும் படகும் ஒரே மட்டத்தில் நிற்கும். சக்கர நாற்காலியே நேராக உள்ளே போகும். மூட்டுவலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் இங்கே பார்க்கவில்லை. குறை என்னவென்றால் குளிர்சாதனப் பெட்டி மாதிரி மூடியிருக்கும். கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். காற்று முகத்தில் படாது, கண்ணாடியில் உள்விளக்கு பிரதிபலிக்கும். அந்தக் குறையை ஜங்கார் தீர்த்துவிடும்.

ஜங்கார் என்றால் கோட்டைக் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே வண்டிகளை ஏற்றிக்கொண்டு போகும் ரோ-ரோ படகு. அது முகத்துவாரத்தையே குறுக்காகக் கடக்கிறது. சுற்றுலாப் படகுகள் 25 நிமிடம் ஓடி எந்த இடத்தைத் தேடிப் போகின்றனவோ, அங்கேயே இது நாள் முழுக்கப் போய்வந்துகொண்டிருக்கிறது. நடந்து ஏறுபவர்களுக்குக் கட்டணம் சில ரூபாய். நான்கு புறமும் திறந்திருக்கும். ஏறுவதற்குச் சாய்வான இரும்புத் தளம், படி கிடையாது. ஐந்து நிமிடச் சவாரி என்பதால் நின்றுகொண்டே போகலாம். கார்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றாலும் நடந்து வருபவர்கள் அந்த வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

உங்கள் 27ஆம் தேதிக்கு இப்படிச் செய்யுங்கள். மாலை நான்கு மணிக்குள் ஹைகோர்ட் வாட்டர் மெட்ரோ நிலையத்துக்கு வந்துவிடுங்கள். அந்த வாரம் வரிசை இருக்கும், அரை மணி நேரம் போனாலும் கவலையில்லை. கோட்டைக் கொச்சிக்கு நாற்பது ரூபாய், இருபது நிமிடம். ஏறும்போது ஜன்னலோர இருக்கையை அப்பா அம்மாவுக்குப் பிடியுங்கள். இறங்கிச் சீன வலைகள் பக்கம் மெதுவாக நடந்து, மரத்தடியில் அவர்களை உட்காரவைத்து, பிள்ளைகளுக்கு வலை இறக்கி ஏற்றுவதைக் காட்டுங்கள். 5.50க்கு ஜங்கார் துறைக்கு வந்துவிடுங்கள். 6.00 சுமாருக்கு ஏறும் ஜங்காரில் மேற்குப் பக்கக் கம்பியை ஒட்டி நில்லுங்கள். வைப்பினை நோக்கிப் போகும்போது அது உங்களுக்கு இடது கை. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், வண்டிகள் நகர்ந்து முடியும் வரை பெரியவர்களை நகரவிடாதீர்கள். நடுமுகத்துவாரத்தில் சூரியன் வலைகளுக்குப் பின்னால் நிற்கும். அதிர்ஷ்டம் இருந்தால் டால்பின்களும் முதுகு காட்டும், அந்த இடம் அவற்றுக்குப் பழக்கமான இடம்.

வைப்பினில் இறங்கிக் கரையோரமாக நின்று மிச்சத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் வாட்டர் மெட்ரோ நிலையத்துக்குப் போங்கள். கோட்டைக் கொச்சிக்குத் திரும்பிப் போகாதீர்கள். அஸ்தமனம் முடிந்ததும் மொத்தக் கூட்டமும் அங்கேதான் வரிசையில் நிற்கும். வைப்பினிலிருந்து ஹைகோர்ட்டுக்கு நான் கடைசியாகப் போனபோது இருபது ரூபாய். அந்தி வெளிச்சத்தில், குளிரூட்டிய இருக்கையில், டீசல் வாடை இல்லாமல் எதிர்க்கரை விளக்குகளைப் பார்த்தபடி வந்து சேருவீர்கள். ஆறு பேருக்குப் போக 240, வர 120, ஜங்காருக்குச் சில்லறை.

காற்றில் உட்கார்ந்து தண்ணீரில் கை நனைய ஒரு படகில் போகவேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், 28ஆம் தேதி காலை ஏழரைக்கு மரைன் டிரைவில் ஒரு சின்னப் படகை உங்கள் குடும்பத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் பேசிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் கூட்டமும் இருக்காது, ஒலிபெருக்கியும் இருக்காது. வெயிலும் ஏறியிருக்காது. அப்பாவைக் கீழ்த்தளத்தில் முன்வரிசையில் உட்காரவையுங்கள்.